ஹீலியம்-நியோன் குழாயா, சிவப்பு டயோட்டா, பச்சைப் பொயின்ரரா: ஆய்வுகூடத்துக்கு எந்த லேசர்?

ஆய்வுகூடத்தில் சோடியம் விளக்கு இருக்கிறது, திருசியமானி இருக்கிறது, கிரேட்டிங் தட்டும் இருக்கிறது. இவற்றோடு ஒரு லேசர் வாங்கப் பணம் ஒதுக்கியாயிற்று. திருகோணமலையில் உயர்தரப் பௌதிகவியல் படிப்பிப்பவர்களும் கண்காட்சிக்கு ஆயத்தமாகும் மாணவர்களும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சில நூறு ரூபாய்ச் சிவப்பு டயோட்டும் லேசர். அதைப்போல் பல மடங்கு விலை சொல்லும் ஹீலியம்-நியோன் குழாயும் லேசர். சிவப்பைவிடப் பளிச்சென்று தெரியும் பச்சைப் பொயின்ரரும் லேசர். பெட்டியில் எழுதியிருக்கும் மில்லிவாற்று எண்ணைப் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான், ஏனென்றால் பரிசோதனைக்கு வேண்டிய குணம் எதையும் அந்த எண் சொல்லாது.

## எதை வைத்து அளப்பது

மூன்று அளவுகோல்கள் போதும்.

முதலாவது ஓரியல்பு, அதாவது அலைகள் அடி பிசகாமல் ஒத்து வரும் குணம். இதை நீளத்தால் அளக்கலாம். ஒரு கதிரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கூடத் தூரம் ஓடவிட்டு மறுபடி சேர்த்தால், எவ்வளவு பாதை வித்தியாசம்வரை தலையீட்டு வரிகள் தெரிகின்றனவோ அதுவே ஓரியல் நீளம். நிறமாலைக் கோடு எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவுக்கு இந்த நீளம் கூடும்.

இரண்டாவது திசை. கற்றை எவ்வளவு விரிகிறது, அதன் வடிவம் வட்டமா நீள்வட்டமா என்பது.

மூன்றாவது, வாங்கிய பிறகு வரும் செலவு: உயர் வோல்ற்று, சூடேறும் நேரம், கடற்காற்று, கண்ணுக்கான ஆபத்து.

மூன்றாவதைக் கடைக்காரரிடம் கேட்டறியலாம். முதல் இரண்டும் எங்கிருந்து வருகின்றன என்று தெரியாமல் விலை வித்தியாசம் விளங்காது. அதனால் அங்கே கொஞ்சம் நிற்போம்.

## இரண்டு குணங்களும் பிறக்கும் இடம்

1917இல் ஐன்ஸ்டைன் சொன்னது இது. மேல் மட்டத்தில் இருக்கும் அணு தானாகவும் ஒளியைக் காலும். சரியான சக்தியுள்ள ஒரு போட்டன் பக்கத்தால் போனாலும், அதன் தூண்டலால் காலும். தானாகக் காலும்போது திசையும் கட்டமும் எதேச்சையானவை. தூண்டலால் காலும்போது புதிய போட்டன் தூண்டிய போட்டனின் மீடிறனையும் கட்டத்தையும் திசையையும் முனைவாக்கத்தையும் அப்படியே எடுத்துக்கொள்கிறது.

பல குறிப்புகள் இதோடு நின்றுவிடும். ஆனால் தூண்டிய காலல் லேசருக்கு மட்டும் உரிய சொத்து அல்ல. 3,000 கெல்வினில் ஒளிரும் இழை விளக்கிலும் அது நடக்கிறது. 1.96 இலத்திரன்வோல்ற்றுச் சக்தியுள்ள சிவப்புக்குக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 2,000 தன்னிச்சைக் காலலுக்கு ஒன்று தூண்டிய காலல். அது அந்தக் கூட்டத்தில் காணாமல் போய்விடுகிறது.

அதைவிடப் பெரிய தடை உறிஞ்சல். மேலே இருக்கும் அணுவை இறக்கும் அதே போட்டன், கீழே இருக்கும் அணுவைச் சந்தித்தால் அதனால் உறிஞ்சப்பட்டுவிடும். இரண்டுக்கும் வாய்ப்பு அணுவுக்கு அணு சமம். ஆகவே வெல்வது எந்த மட்டத்தில் ஆட்கள் அதிகம் என்பதைப் பொறுத்தது. 27 பாகை செல்சியசில், 1.96 இலத்திரன்வோல்ற்று இடைவெளியுள்ள இரண்டு மட்டங்களை அப்படியே விட்டால், கீழே 10³³ அணுக்களுக்கு மேலே ஒன்று என்ற விகிதம்தான் வரும். சூடாக்கினால் விகிதம் கூடும், ஆனால் எவ்வளவு சூடாக்கினாலும் சமத்தைத் தாண்டாது. வெப்பத்தால் முடியாத இந்த வேலையை வேறு வழியில் செய்து, மேலே கூடவும் கீழே குறையவும் வைப்பதுதான் குடித்தொகை நேர்மாறல். அது கிடைத்தபின்பே ஒரு போட்டன் இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருகும்.

பெருகினாலும் கற்றை வந்துவிடாது. எந்தத் திசையில் போன போட்டனும் பெருகலாம் அல்லவா? திசையைத் தெரிவு செய்வது இரண்டு முனையிலும் இருக்கும் ஆடிச்சோடி. 25 சென்ரிமீற்றர் நீளமும் 1 மில்லிமீற்றர் துளையும் உள்ள குழாயில், அச்சிலிருந்து 1 பாகை விலகிப் புறப்பட்ட கதிர் மறுமுனைக்குப் போவதற்குள் 4.4 மில்லிமீற்றர் பக்கமாக நகர்ந்திருக்கும். அதாவது சுவரில் மோதி முடிந்துவிடும். அச்சோடு போனது மட்டும் திரும்பித் திரும்பிப் பெருகுகிறது. ஆடிச்சோடி மீடிறனையும் வடிகட்டுகிறது: முழு அரை அலைநீளங்களாக அந்த இடைவெளியில் பொருந்தும் அலைகளுக்கு மட்டுமே இடம்.

எனவே ஒரு லேசரைப் பற்றிக் கேட்க வேண்டியவை இரண்டு. நேர்மாறலால் வரும் பெருக்கம் எவ்வளவு ஒடுக்கமான நிறப்பட்டையில் நடக்கிறது? ஆடிச்சோடியின் நீளமும் வாயும் என்ன? கீழே வரும் வித்தியாசங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு விடைகளிலிருந்தே வருகின்றன.

## ஹீலியம்-நியோன் குழாய்

கண்ணுக்குத் தெரியும் 632.8 நானோமீற்றர்ச் சிவப்பு இந்தக் கலவையில் 1962இல் கிடைத்தது. குழாயில் ஹீலியமே பெரும்பங்கு, நியோன் கொஞ்சம். மின்னிறக்கத்தில் ஓடும் இலத்திரன்கள் ஹீலியத்தை 20.61 இலத்திரன்வோல்ற்று மட்டத்துக்கு ஏற்றுகின்றன. அந்த மட்டத்திலிருந்து ஒளியாகக் கீழே இறங்குவது ஹீலியத்துக்குக் கடினம்; காத்திருக்கும். நியோனில் 20.66இல் ஒரு மட்டம் இருக்கிறது. இரண்டு அணுக்களும் மோதும்போது சக்தி கைமாறுகிறது, குறைகிற 0.05ஐ அணுக்களின் ஓட்டச் சக்தி ஈடுசெய்கிறது. நியோன் 18.70 மட்டத்துக்கு இறங்கும்போது 1.96 இலத்திரன்வோல்ற்றுப் போட்டன் வருகிறது. அந்தக் கீழ் மட்டமோ மிக விரைவில் காலியாகிவிடும். மேலே ஹீலியம் ஊற்றிக்கொண்டே இருக்க, கீழே ஒழுகிப் போய்க்கொண்டே இருக்கிறது; நேர்மாறல் நிலைக்கிறது. துளை ஒடுக்கமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. இறங்கிய நியோன் இன்னொரு இடை மட்டத்தில் தேங்கும், அது சுவரில் மோதித்தான் பழைய நிலைக்குப் போகும்.

இந்தப் பெருக்கம் மிகச் சிறியது. 25 சென்ரிமீற்றர்க் குழாயை ஒரு தடவை கடந்தால் 2 சதவீத அளவில்தான் ஒளி கூடும். அதனால் ஒரு முனை ஆடி ஏறக்குறைய முழுதாகத் தெறிக்க வேண்டும். கற்றை வெளிவரும் ஆடியும் 99 சதவீத அளவில் தெறித்து 1 சதவீதத்தையே வெளியே விடும். ஒளி சராசரியாக நூறு தடவையளவு சுற்றி வந்துதான் வெளியேறுகிறது. ஆடியில் விரல் பட்ட எண்ணெய்க் கறை ஒன்றிரண்டு சதவீதத்தைத் தின்றாலே லேசர் நின்றுவிடலாம். ஆடிகள் குழாயோடு ஒட்டி மூடப்பட்ட வகையை வாங்கச் சொல்வது இதனால்தான்.

இந்தச் சிக்கனமான பெருக்கமே அதன் பலமும். வாயுவில் அணுக்கள் ஒன்றையொன்று அதிகம் தொந்தரவு செய்வதில்லை. கோட்டின் அகலம் சுமார் 1,500 மெகாஹேட்ஸ், அலைநீளமாகச் சொன்னால் 0.002 நானோமீற்றர். 25 சென்ரிமீற்றர் ஆடிச்சோடிக்குப் பொருந்தும் மீடிறன்கள் 600 மெகாஹேட்ஸ் இடைவெளியில் வருவதால், ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்றே பெருகும். ஓரியல் நீளம் 20 சென்ரிமீற்றர் அளவில் கிடைக்கிறது. கதிரை இரண்டு கைகளில் பிரித்து அனுப்பி மறுபடி சேர்க்கும் மைக்கல்சன் தலையீட்டுமானியில் இதற்கு ஒரு வேடிக்கையான விளைவு உண்டு. பாதை வித்தியாசம் குழாயின் நீளத்துக்கு, அதாவது 25 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும்போது வரிகள் மங்கும். 50இல் மறுபடி தெளியும். வரிகள் தெரியவில்லை என்று ஆடியைத் திருகிக்கொண்டே இருப்பதைவிட, இரண்டு கைகளையும் அடிமட்டத்தால் அளந்து ஓரிரு சென்ரிமீற்றருக்குள் சமப்படுத்துவது மேல்.

திசைக்கும் கணக்கு உண்டு. வெளிவரும் கற்றையின் ஆரை 0.4 மில்லிமீற்றர் என்றால் அரைக்கோண விரிவு

```
θ = λ / (π w) = 632.8e-9 / (3.14 × 0.4e-3) ≈ 0.0005 rad
```

10 மீற்றரில் புள்ளி 1 சென்ரிமீற்றர் அகலம், 1 கிலோமீற்றரில் 1 மீற்றர். லேசர் விரியவே விரியாது என்பது தவறு. எந்த ஒளியும் அதன் வாயின் அகலத்துக்கு ஏற்ற கோணலால் விரிந்தே தீரும். லேசர் அந்த மிகக் குறைந்த விரிவோடு நின்றுகொள்கிறது, அவ்வளவுதான்.

குழாயைப் பக்கவாட்டில் பார்த்தால் செம்மஞ்சள் ஒளி தெரியும். அதே அணுக்கள்தான், ஆனால் இது தன்னிச்சைக் காலல், எல்லாத் திசைக்கும் போகிறது. கிரேட்டிங் தட்டைக் கண்ணருகே பிடித்து அந்தப் பக்க ஒளியைப் பாருங்கள்: சிவப்பிலும் செம்மஞ்சளிலும் நியோனின் கோடுகள் வரிசையாக நிற்கும். கற்றையைக் கிரேட்டிங் வழியே சுவரில் விழுத்துங்கள்: ஒரே நிறம், கூர்மையான புள்ளிகள். (கற்றையை ஒருபோதும் தட்டின் வழியே கண்ணால் பார்க்கக் கூடாது.) மேசையில் தூண்டிய காலலைக் காட்ட இதைவிட நேரடியான வழி குறைவு. இந்த வசதி டயோட்டில் இல்லை.

மறைந்த செலவுகள் உண்டு. மின்னிறக்கத்தைத் தொடக்க 7 முதல் 10 கிலோவோல்ற்று, ஓட்ட 1 முதல் 2 கிலோவோல்ற்று வேண்டும். நிறுத்திய பிறகும் கொள்ளளவியில் ஏற்றம் தங்கியிருக்கும். மாரிகாலத்து உப்பு ஈரம் உயர் வோல்ற்று வயர் முனையில் படிந்தால் சிறுசிறு பொறி பறக்கும். சட்டைத் துணியால் துடைக்காமல், மின்னை நீக்கிச் சில நிமிடம் விட்டுப் பின் உலர்த்த வேண்டும். பழைய பார்கோட் வாசிப்பானிலிருந்து கழற்றிய குழாய் மலிவாகக் கிடைத்தால், ஒளியின் நிறத்தைப் பாருங்கள். பக்க ஒளி ஊதாவாகவோ வெளிறிய இளஞ்சிவப்பாகவோ இருந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. அதைத் திருத்த வழியில்லை. ஏற்றியவுடன் 15 முதல் 30 நிமிடம் குழாய் நீண்டுகொண்டிருக்கும், வரிகளின் தெளிவு கூடிக் குறையும். அளவீட்டை அதற்குப் பிறகு தொடங்க வேண்டும்.

## சிவப்பு டயோட்

இங்கே நேர்மாறலைச் செய்வது நேரடி மின்னோட்டம். சந்தியில் மெல்லிய ஒரு படையில் இலத்திரன்களும் துளைகளும் நெருக்கமாக வந்து குவிகின்றன. பெருக்கம் மிகப் பெரிது. அதனால் 0.3 மில்லிமீற்றர் நீளப் படிகமே போதும், அதன் பிளந்த முனைகள் 30 சதவீதம் தெறித்தாலே ஆடியின் வேலை முடிந்தது. விலை குறைவதன் காரணமும் இதுவே. ஆனால் படிகத்தில் சக்தி மட்டங்கள் பட்டையாக விரிந்திருப்பதால் பெருக்கமும் பல நானோமீற்றருக்குப் பரந்திருக்கிறது. அந்தப் பட்டைக்குள் 0.2 நானோமீற்றர் இடைவெளியில் பல மீடிறன்கள் இடம்பிடிக்கின்றன. மொத்தம் 1 நானோமீற்றர் அகலம் எடுத்தால் ஓரியல் நீளம் 0.4 மில்லிமீற்றர்தான். சில டயோட் சில ஓட்டத்தில் ஒற்றை மீடிறனில் ஓடி மீற்றர் கணக்கில் ஓரியல்பு காட்டும். சூடு சற்று மாறினால் தாவிவிடும். அதை நம்பி மைக்கல்சன் பரிசோதனையை வைக்க முடியாது.

திசையிலும் இதே கதை. வாய் ஒரு மைக்ரோமீற்றர் அளவு ஒடுக்கமென்பதால், படிகத்திலிருந்து ஒளி ஒரு பக்கம் 10 பாகையும் மறுபக்கம் 30 பாகையும் விரிகிறது. லேசர் என்றதும் நேர்க்கோடு என்று நினைப்பவருக்கு வில்லையைக் கழற்றிக் காட்டலாம்: சுவரில் அகன்ற சிவப்புப் பட்டை. கற்றையாக்குவது முன்னால் இருக்கும் சிறு பிளாஸ்ரிக் வில்லை. அப்படியானால் ஒரு எல்.ஈ.டி.க்கும் வில்லை வைத்தால் போதாதா? போதாது. எல்.ஈ.டி.யில் ஒளி விடும் பரப்பு பெரிது. அதன் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே, ஒத்துப்போகாமல் விடுகிறது. வில்லை ஒவ்வொரு புள்ளியையும் ஒவ்வொரு திசைக்கு அனுப்பும். டயோட் லேசரில் வாய் முழுவதும் ஒரே அலை என்பதால் வில்லை அதை ஒரே திசைக்குத் திருப்பிவிடுகிறது.

குடித்தொகை நேர்மாறலால் வரும் பெருக்கம் இழப்பை வெல்லும் கணத்தைக் கண்ணால் காட்ட டயோட் மட்டுமே உதவும். 5 வோல்ற்றில் ஓடும் மலிவு மொடியூல்கள் பலவற்றில் உள்ளே 91 ஓம் தடை ஒன்றுதான் இருக்கும். டயோட் 2.2 வோல்ற்று எடுத்தால் ஓட்டம் (5 − 2.2) / 91, சுமார் 31 மில்லிஅம்பியர். அதோடு தொடராக 500 ஓம் மாறுதடையையும் ஒரு மில்லிஅம்பியர்மானியையும் சேருங்கள். மாறுதடையை உச்சத்தில் வைத்துத் தொடங்கினால் ஓட்டம் 5 மில்லிஅம்பியருக்குக் கிட்ட. சுவரில் மங்கலான, மிருதுவான சிவப்பு. இது எல்.ஈ.டி. ஒளி, உறிஞ்சலும் இழப்பும் பெருக்கத்தை வென்றுகொண்டிருக்கின்றன. மெல்ல ஓட்டத்தைக் கூட்டுங்கள். 20 முதல் 25 மில்லிஅம்பியருக்கு இடையில் எங்கோ ஒரு இடத்தில் புள்ளி சட்டென்று பிரகாசமாகி, அதன்மேல் மணல் தூவியதுபோல் பொடிப் புள்ளிகள் மினுங்கத் தொடங்கும். தலையை அசைத்தால் அவையும் அசையும். சுவரின் கரடுமுரடில் சிதறிய அலைகள் கண்ணில் தலையிடுவதால் வரும் தோற்றம் அது. ஓரியல்பு இல்லாமல் வராது. ஓட்டத்தையும் ஒளிச்செறிவையும் வரைபாக்கினால் முழங்காலைப் போன்ற மடிப்புக் கிடைக்கும்; அந்த மடிப்பு வரும் ஓட்டமே வாசல் ஓட்டம்.

எங்கே பிழைக்கும்? மொடியூலுக்குள் தடைக்குப் பதில் ஓட்டக்கட்டுப்பாட்டுச் சிப் இருந்தால் மாறுதடையைத் திருகினாலும் ஓட்டம் சீராகக் கூடாது, சிமிட்டும். வேறு மொடியூல் வாங்க வேண்டியதுதான். வரையறுத்த ஓட்டத்தைத் தாண்டினால் படிக முனை எரியும். எரிந்த டயோட் இருளாது, சிவப்பாகவே ஒளிரும், ஆனால் மணல் மினுக்கம் வராது. செத்த லேசரைக் கண்டுபிடிக்க இதுவே வழி.

சூட்டோடு அலைநீளம் பாகைக்கு 0.2 நானோமீற்றர் அளவில் நீளும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலைக்கும் மத்தியானத்துக்கும் 10 பாகை வித்தியாசம் வந்தால் 2 நானோமீற்றர். 300 கோடு/மில்லிமீற்றர் கிரேட்டிங்கில், 2 மீற்றர் தூரத்துத் திரையில் முதல் வரிசைப் புள்ளி ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட நகரும். பெட்டியில் 650 என்று இருந்தாலும் அதை நம்பாமல் அளந்தே பயன்படுத்துங்கள். அதே அமைப்பில் 632.8க்கு மையத்திலிருந்து 38.7 சென்ரிமீற்றரிலும் 650க்கு 39.8 சென்ரிமீற்றரிலும் புள்ளி விழும். ஹீலியம்-நியோன் குழாய் ஒன்று இரவல் கிடைத்தால் அதைக் கொண்டு தூரத்தைச் சரிபார்க்கலாம்.

## பச்சைப் பொயின்ரர்

இது ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்று. 808 நானோமீற்றர் அகச்சிவப்பு டயோட் நியோடிமியம் கலந்த படிகத்தில் நேர்மாறலை உண்டாக்க, அது 1064ஐக் காலும். இன்னொரு படிகம் அந்த மீடிறனை இரட்டித்து 532 பச்சையாக்கும். கற்றை நன்றாக வட்டமாக வரும், கண்ணுக்குப் பிரகாசமும் கூட. ஆனால் ஒவ்வொரு கட்டமும் சூட்டில் நழுவும். 808 நகர்ந்துவிட்டால் படிகம் அதைச் சரியாக உறிஞ்சாது, பச்சை மங்கும், துள்ளும்.

பெரிய குறை கண்ணுக்குத் தெரியாதது. அகச்சிவப்பை நிறுத்தும் வடிகட்டி மலிவுப் பொயின்ரர்களில் இல்லாமலிருக்கலாம். அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 2010இல் அப்படிப்பட்ட ஒன்றை அளந்து, பச்சையைவிட அகச்சிவப்பே மிகக் கூடுதலாக வந்ததைக் காட்டியது. அந்த ஒளிக்குக் கண் சிமிட்டாது. சோதிக்கலாம்: கற்றையைக் கிரேட்டிங் வழியே வெள்ளைத் தாளில் விழுத்தி, கைபேசிக் கமராவால் தாளைப் படமெடுங்கள். 300 கோட்டுக் கிரேட்டிங்கில் பச்சை 9.2 பாகையில், 808 இருந்தால் 14 பாகையில். அந்த இரண்டாவது இடத்தில் கண்ணுக்கில்லாத புள்ளி கமராவில் தெரிந்தால் பொயின்ரரைத் திருப்பிக் கொடுங்கள். தெரியாவிட்டால் பாதுகாப்பு என்று பொருளல்ல, சில கமராக்கள் அகச்சிவப்பை மறைக்கும். வானத்தை நோக்கிக் காட்டுவதும் வேண்டாம். சீனன்குடாவில் விமானங்கள் இறங்குகின்றன.

வாங்காதீர்கள் என்பதே எங்கள் முடிவு. மொத்த உள்ளகத் தெறிப்பை மண்டபத்தின் பின்வரிசைக்கும் காட்ட வேண்டும் என்ற ஒரு தேவைக்கு மட்டும் விதிவிலக்குத் தரலாம்.

## இருக்கிற சோடியம் விளக்கு

இதை விலக்கிவிட வேண்டாம். ஓரியல்பை லேசர் இல்லாமலும் பெறலாம், அதற்குப் பிரகாசத்தை இழக்க வேண்டும். இரட்டைப் பிளவின் இடைவெளி 0.25 மில்லிமீற்றர், அதற்கு 20 சென்ரிமீற்றர் முன்னால் ஒற்றைப் பிளவு என்றால், ஒற்றைப் பிளவின் அகலம் 0.47 மில்லிமீற்றரை எட்டும்போது வரிகள் அழிந்துவிடும், தெளிவுக்கு 0.1 மில்லிமீற்றர் வேண்டும். விளக்கு விடும் ஒளியில் மிகச் சிறு பங்கே அந்தக் கீற்று வழியே வரும், இருட்டறையில் கண்வில்லைக்குள் தேட வேண்டும். அதே இரட்டைப் பிளவுக்கு 650 டயோட்டை நேராகக் காட்டினால் 3 மீற்றரில் 7.8 மில்லிமீற்றர் இடைவெளியில் வரிகள் சுவரில் விழும், வகுப்பே பார்க்கலாம்.

திருசியமானி அளவீட்டுக்கோ சோடியமே சரி. 589.0, 589.6 என்ற இரண்டு கோடுகளும் எந்தச் சூட்டிலும் நகராது, கண்ணால் பார்க்கலாம், ஆபத்தில்லை. திருசியமானியின் தொலைகாட்டிக்குள் லேசரை விட்டுக் கண் வைப்பது கூடவே கூடாது. காரணம் திசை. 5 வாற்று ஒளியை எல்லாப் பக்கமும் விடும் விளக்கு 1 மீற்றரில் 7 மில்லிமீற்றர்க் கண்மணிக்குள் 15 மைக்ரோவாற்றையே அனுப்பும். 1 மில்லிவாற்று லேசர் முழுவதையும் அனுப்பும், அதுவும் விழித்திரையில் ஒரு பொட்டாக.

## பக்கத்தில் பக்கமாக

| | ஹீலியம்-நியோன் | சிவப்பு டயோட் | பச்சைப் பொயின்ரர் | சோடியம் விளக்கு |
|---|---|---|---|---|
| நேர்மாறல் | ஹீலியம் மோதலால் | நேரடி மின்னோட்டத்தால் | இன்னொரு டயோட் ஒளியால் | இல்லை |
| ஓரியல் நீளம் | சுமார் 20 செ.மீ. | பெரும்பாலும் 1 மி.மீ.க்குள் | பொயின்ரருக்குப் பொயின்ரர் மாறும் | இரட்டைக் கோட்டால் 0.3 மி.மீ.இல் வரி மங்கும் |
| கற்றை | வட்டம், வில்லை வேண்டாம் | நீள்வட்டம், வில்லை தேவை | வட்டம் | எல்லாத் திசையும் |
| அலைநீள நிலைப்பு | மிக நன்று | சூட்டோடு நகரும் | அலைநீளம் நிலைக்கும், பிரகாசம் துள்ளும் | மிக நன்று |
| மறைந்த செலவு | உயர் வோல்ற்று, குழாய் முதுமை | முனை எரிதல் | அகச்சிவப்புக் கசிவு | சூடேறும் நேரம், இருட்டறை |

## யாருக்கு எது

கிரேட்டிங், ஒற்றைப் பிளவு, இரட்டைப் பிளவு, வாசல் ஓட்ட வரைபு: இவைதான் தேவை என்றால் 1 மில்லிவாற்றுக்கு மேற்படாத, பெட்டியில் இரண்டாம் வகுப்பு என்று எழுதிய சிவப்பு டயோட் மொடியூல் இரண்டு வாங்குங்கள். ஒன்று எரியும், மற்றது இருக்கும். கிரேட்டிங்கின் வெவ்வேறு கோடுகளிலிருந்து வந்து ஒரு புள்ளியில் சேரும் கதிர்களுக்கு இடையிலான பாதை வித்தியாசம் சில நூறு அலைநீளங்கள்தான், 0.4 மில்லிமீற்றர் ஓரியல் நீளம் அதற்குப் போதும். இந்த வேலைக்கு ஹீலியம்-நியோன் வாங்குவது வீண் செலவு.

மைக்கல்சன் அமைப்போ ஹோலோகிராமோ செய்யத்தான் போகிறீர்கள் என்றால் பணத்தைச் சேர்த்து ஹீலியம்-நியோன் குழாயே வாங்குங்கள். ஹோலோகிராமில் பொருளின் ஆழமே சில சென்ரிமீற்றர் வித்தியாசத்தைக் கொண்டுவரும். டயோட்டின் அரை மில்லிமீற்றர் அங்கே எடுபடாது. அமைப்பை மணல் நிரப்பிய தட்டில் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, மேசையைத் தொடாமல் இரண்டு நிமிடம் பொறுங்கள். ஆடிகள் முன்பக்கம் பூச்சுள்ளவை என்பதால் கடற்கரைப் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு மாரியிலேயே புள்ளி விழும். வேலை முடிந்ததும் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பொட்டலம் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடுங்கள்.